நோட்ஸிலிருந்து செக்லிஸ்ட்: கேள்வித்தாளைச் சோதிப்பது எப்படி?

"வேலூருக்கு பஸ்ஸில் வந்து படிக்கும் மாணவர்களைப் பற்றி சர்வே செய்கிறோம். ரிசர்ச் மெத்தட்ஸ் வகுப்பு நோட்ஸில் வேலிடிட்டி, ரிலையபிலிட்டி எல்லாம் இருக்கிறது. அதை வைத்துக் கேள்வித்தாளைச் சரிபார்க்க ஒரு செக்லிஸ்ட் எப்படிப் போடுவது?" — முதுகலை மாணவி, காட்பாடி

நோட்ஸில் உள்ள தலைப்புகளை அப்படியே வரிசையாக எழுதினால் அது செக்லிஸ்ட் ஆகாது. 'வேலிடிட்டி இருக்கிறதா?' என்று கேட்டால் எல்லோரும் 'இருக்கிறது' என்றுதான் டிக் போடுவார்கள். ஒவ்வொரு தலைப்பையும், கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டு ஆம் அல்லது இல்லை என்று சொல்லக்கூடிய சோதனையாக மாற்றுங்கள்.

வேலிடிட்டி என்றால் நாம் அறிய நினைப்பதைத்தான் கேள்வி அளக்கிறதா என்பது. அதற்கான சோதனை: 'இந்தப் பதில் எந்த அட்டவணையில் போய் உட்காரும்?' கேள்வி எழுதும் முன்பே, அறிக்கையில் வரப்போகும் அட்டவணைகளை எண்கள் இல்லாமல் வரைந்து வையுங்கள். எதிலும் இடம் கிடைக்காத கேள்வியைத் தயங்காமல் அடித்துவிடலாம்.

ரிலையபிலிட்டி என்றால் யாரிடம் கேட்டாலும் கேள்வி ஒரே மாதிரி அளக்கிறதா என்பது. அதற்கு: 'இதைப் படிக்கும் இரண்டு பேர் ஒரே பொருளில் புரிந்துகொள்வார்களா?' 'பஸ் நேரமும் வசதியும் திருப்தியாக உள்ளதா, அடிக்கடி தாமதமாகிறதா?' என்ற கேள்வியைப் பாருங்கள். இதில் மூன்று கேள்விகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 'அடிக்கடி' என்பது குடியாத்தத்திலிருந்து வருபவருக்கு ஒரு கணக்கு, சத்துவாச்சாரியிலிருந்து வருபவருக்கு வேறு கணக்கு. தாமதத்தை மட்டும் பிரித்து இப்படிக் கேளுங்கள்: 'கடைசியாக பஸ்ஸில் கல்லூரிக்கு வந்த 5 நாட்களில், எத்தனை நாள் முதல் வகுப்புக்குத் தாமதமாக வந்தீர்கள்?' விடைக் கட்டங்கள் 0 முதல் 5 வரை.

மாணவர்கள் அதிகம் சறுக்குவது விடைக் கட்டங்களில்தான். '10–20 ரூபாய், 20–30 ரூபாய்' என்று போட்டால் 20 ரூபாய் கொடுப்பவர் எதில் டிக் போடுவார்? உங்கள் தலைப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண டவுன் பஸ்களில் 2021 முதல் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பாஸ் வைத்திருப்பவர்களும் இருப்பார்கள். 'தினமும் பஸ்ஸுக்கு எவ்வளவு செலவு?' என்று நேரடியாகக் கேட்டால் சிலர் 0 எழுதுவார்கள், சிலர் காலியாக விடுவார்கள். பிறகு அந்தக் காலி இடம் இலவசப் பயணமா, பதில் சொல்லாததா என்று கண்டுபிடிக்கவே முடியாது. அதனால் 'பணம் கொடுத்து டிக்கெட் வாங்குகிறீர்களா?' என்பதை முன்னால் வையுங்கள். 'ஆம்' என்பவர் மட்டும் தொகைக்குப் போகட்டும்.

செக்லிஸ்ட்டைத் தாண்டிய தாளை 8 அல்லது 10 பேரிடம் கொடுத்துப் பாருங்கள். உடன் படிப்பவர்கள் வேண்டாம், அவர்களுக்கு உங்கள் நோக்கம் தெரியும். ஆற்காடு, அணைக்கட்டு பக்கத்திலிருந்து வரும் வேறு துறை மாணவர்களாக இருக்கட்டும். நிரப்பி முடித்ததும், 'இந்தக் கேள்வி என்ன கேட்கிறது என்று உங்கள் பேச்சில் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். ஓரத்தில் கையால் எழுதிய பதில், ஒரே கேள்வியில் இரண்டு டிக், பலரும் விட்டுப்போன இடம் எல்லாம் கேள்வியின் பிழையைக் காட்டுபவை. நிரப்பியவரின் கவனக்குறைவு என்று ஒதுக்காதீர்கள். வாசகத்தைத் திருத்தினால், இந்தச் சோதனைத் தாள்களை இறுதிக் கணக்கில் சேர்க்கக் கூடாது.