தவணை தவறவில்லை, ஒதுக்கீடு மட்டும் ஏன் கூடுகிறது?

கேள்வி: "வாகனக் கடன் தரும் ஒரு நிதி நிறுவனத்தில் எனக்குப் பங்கும் இருக்கிறது, ஓய்வுப் பணத்தில் போட்ட வைப்புத்தொகையும் இருக்கிறது. இந்தக் காலாண்டில் வாராக்கடன் கூடவில்லை என்கிறார்கள். ஆனால் கடன் இழப்புக்கான ஒதுக்கீடு ஏறி, லாபம் குறைந்துவிட்டது. யாரும் ஏமாற்றாதபோது எதற்கு ஒதுக்கீடு? எதையாவது மறைக்கிறார்களா? விற்றுவிடலாமா?" – சேலம் வாசகர்

ஒதுக்கீடு ஏறியதை மட்டும் வைத்து விற்க வேண்டாம். ஏன் ஏறியது என்பதற்குத்தான் பதில் தேட வேண்டும். அந்தப் பதில் காலாண்டு அறிக்கையிலேயே இருக்கும்.

முதலில் விதி. 2008 நெருக்கடி வரை பெரும்பாலான நாடுகளில், இழப்பு நடந்ததற்கான சான்று கிடைத்த பிறகுதான் ஒதுக்கீடு. வங்கிகள் தாமதமாக, அதுவும் குறைவாக ஒதுக்கின. அதற்கு மாற்றாக, வரக்கூடிய இழப்பை முன்கூட்டியே கணித்து ஒதுக்கச் சொல்லும் ஐஎஃப்ஆர்எஸ் 9 என்ற உலகக் கணக்கியல் தரநிலை 2018-ல் நடைமுறைக்கு வந்தது. இந்தியாவில் அதன் வடிவமான இண்ட் ஏஎஸ் 109-ஐ, அதே ஆண்டு ஏப்ரல் முதல், பெரிய நிதி நிறுவனங்கள் பின்பற்றத் தொடங்கின. நம் வங்கிகள் பழைய ரிசர்வ் வங்கி விகிதங்களில்தான் நடந்து வந்தன. அவற்றை 2027 ஏப்ரல் 1 முதல் இந்த முறைக்கு மாற்றுவதற்கான வரைவை ரிசர்வ் வங்கி 2025 அக்டோபரில் வெளியிட்டது. ஆகவே இன்று உங்கள் நிதி நிறுவனத்தில் பார்ப்பதை நாளை வங்கிப் பங்குகளிலும் பார்ப்பீர்கள்.

இனி ஒரே ஒரு லாரிக் கடனை எடுத்துக்கொள்வோம். எண்கள் விளக்கத்துக்காக நான் வைத்தவை. நாமக்கல்லில் ஒருவர் வாங்கிய லாரி. இன்னும் 10 லட்சம் ரூபாய் பாக்கி, மூன்று வருடம் மீதம். ஒழுங்காகக் கட்டுகிறார். அவரைப் போன்ற நூறு பேரில் இரண்டு பேர் அடுத்த 12 மாதத்தில் கட்டாமல் போவார்கள் என்று நிறுவனத்தின் பழைய பதிவுகள் சொல்கின்றன. அப்படிப் போனால் லாரியைப் பிடித்து விற்ற பிறகும் 40 சதவீதம் கைவிட்டுப் போகும். பத்து லட்சத்தில் 2 சதவீதம், அதில் 40 சதவீதம்: 8,000 ரூபாய். கடன் கொடுத்த காலாண்டிலேயே இப்படி ஒரு தொகையை எழுதிவிட வேண்டும். இதைத்தான் ஸ்டேஜ் 1 என்கிறார்கள்.

ஒரு மாதம் லோடு சரியாகக் கிடைக்கவில்லை. 5-ம் தேதி தவணை பவுன்ஸ் ஆகிறது, அடுத்த மாதம் 10-ம் தேதி வரை வரவில்லை. முப்பது நாள் தாண்டிவிட்டது. 'ரிஸ்க் கணிசமாகக் கூடிவிட்டது' என்று எடுத்துக்கொண்டு கடனை ஸ்டேஜ் 2-க்கு மாற்றுவார்கள். இங்கே ஒரு முக்கியமான திருப்பம்: இனி 12 மாதத்தை மட்டும் பார்க்கக் கூடாது, மீதமுள்ள மூன்று வருடம் முழுக்க அவர் தவறும் வாய்ப்பைப் பார்க்க வேண்டும். அது 20 சதவீதம் என்று வையுங்கள். தவறும் நேரத்தில் பாக்கி சராசரியாக 8 லட்சமாகக் குறைந்திருக்கும். 8 லட்சத்தில் 20 சதவீதம், அதில் 40 சதவீதம், 64,000. வருங்காலத்தில் வரப்போகும் இழப்பு என்பதால் கடனின் 12 சதவீத வட்டியில் ஒன்றரை வருடத்துக்குக் கழித்து இன்றைய மதிப்புக்குக் கொண்டுவந்தால் சுமார் 54,000.

பாருங்கள், 8,000 எங்கே, 54,000 எங்கே. அவர் கடனைக் கட்டாமல் ஓடிவிடவில்லை, அடுத்த வாரமே கட்டிவிடலாம். வாராக்கடன் கணக்கில் அவர் பெயர் இல்லை. 90 நாள் தாண்டினால்தான் அங்கே, அதாவது ஸ்டேஜ் 3-க்கு, போவார். ஆனால் ஒதுக்கீடு ஏறக்குறைய ஏழு மடங்காகி, லாபத்திலிருந்து கழிந்துவிட்டது. நீங்கள் கேட்ட புதிரின் பாதி இதுதான்.

மீதிப் பாதி ஒருவரும் ஒரு நாள்கூடத் தாமதிக்காதபோதும் நடக்கும். இந்தக் கணக்கில் எதிர்காலப் பொருளாதாரமும் சேர்ந்திருக்கிறது. 1,000 கோடிக் கடனுக்கு மூன்று நிலைகளை வைக்கிறார்கள்: நல்ல காலத்தில் 1.5 சதவீதம் தவறுவார்கள், சாதாரணத்தில் 2, மோசத்தில் 4. ஒவ்வொன்றும் நடக்கும் வாய்ப்புக்குத் தரும் எடை முறையே 15, 60, 25 சதவீதம் என்றால் சராசரி 2.425 சதவீதம், அதில் அதே 40 சதவீதம் கைவிட்டுப் போகும் என்றால் ஒதுக்கீடு 9.7 கோடி. டீசல் விலையோ சரக்கு வாடகையோ பயமுறுத்தி, எடையை 10, 50, 40 என்று மாற்றினால் சராசரி 2.75 சதவீதமாகி ஒதுக்கீடு 11 கோடி. 1.3 கோடி கூடுதலாக வந்தது கணிப்பு மாறியதால் மட்டுமே.

இது நிஜத்தில் எப்படி இருக்கும் என்பதற்கு அமெரிக்காவின் ஜேபி மார்கன் 2020-ல் நல்ல சான்று. கோவிட் வெடித்த முதல் காலாண்டில் கடன் இழப்புக்காகச் சுமார் 830 கோடி டாலர் எழுதினார்கள். அதில் 680 கோடி வரப்போகும் இழப்புக்காகக் கூடுதலாகக் கட்டிய கையிருப்பு. உண்மையில் தள்ளுபடியானது சுமார் 150 கோடிதான். பயந்த அளவுக்கு இழப்பு வரவில்லை. 2021 முதல் காலாண்டில் 520 கோடி டாலரைத் திரும்ப லாபத்தில் சேர்த்தார்கள். அமெரிக்க விதியில் முதல் நாளிலிருந்தே கடனின் முழுக் காலத்துக்குமான இழப்பை ஒதுக்க வேண்டும் என்பதால் அங்கே ஏற்றமும் இறக்கமும் இன்னும் கூர்மையாக இருக்கும்.

அதே 2020-ல் நம் ஊரில் ஒரு சிக்கல் வந்தது. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை தவணைச் சலுகை. சலுகை நாட்கள் தாமதமாக எண்ணப்படாததால் முப்பது நாள் கணக்கே மௌனமாகிவிட்டது. கருவி ஊமையானதால் பல நிறுவனங்கள் நிர்வாகத் தீர்ப்பின்படி கூடுதல் தொகை சேர்த்தன. இதை ஓவர்லே என்பார்கள். இதுதான் இந்த முறையின் பலவீனமும்: தீர்ப்பு இருக்கும் இடத்தில் விருப்பமும் நுழையும். அதிக லாப வருடத்தில் அதிகமாக ஒதுக்கி, மெலிந்த வருடத்தில் அவிழ்த்துவிட முடியும்.

ஆகவே அறிக்கையில் கடன்தர அட்டவணையைத் திறந்து, ஸ்டேஜ் 2 மொத்தக் கடனில் எத்தனை சதவீதம், அதற்கு எத்தனை சதவீதம் ஒதுக்கியிருக்கிறார்கள் என்று நான்கு காலாண்டுக்கு எழுதிப் பாருங்கள். ஸ்டேஜ் 2 அப்படியே இருந்து ஓவர்லே மட்டும் கூடியிருந்தால் அது முன்னெச்சரிக்கை. நான் பதற மாட்டேன். கடன் புத்தகமே வேகமாக வளர்ந்து ஒதுக்கீடு கூடியிருந்தால், புதுக் கடனுக்கு முதல் நாளே எழுதும் தொகைதான் அது. ஸ்டேஜ் 2 காலாண்டுக்குக் காலாண்டு ஏறி, அதற்கான ஒதுக்கீட்டுச் சதவீதம் மட்டும் இறங்கிக்கொண்டே வந்தால்தான் நான் கவலைப்படுவேன். 'மறைக்கிறார்களா' என்ற உங்கள் கேள்விக்கு அங்கேதான் இடம் இருக்கிறது.

உங்கள் வைப்புத்தொகையைத் தனியாகப் பாருங்கள். பங்குதாரரின் லாபத்தைக் குறைக்கும் ஒதுக்கீடு வைப்பாளருக்குக் கேடயம். ஆனால் நிதி நிறுவன வைப்புக்கு வங்கியில் இருப்பது போன்ற 5 லட்சம் ரூபாய் காப்பீடு கிடையாது. ஓய்வுப் பணத்தில் பெரும்பகுதி அங்கேயே இருந்தால், பங்கை என்ன செய்தாலும் சரி, முதிர்வு வரும்போது ஒரு பகுதியை வங்கிக்கு மாற்றிவிடுங்கள்.