கம்ப்ரசர் அறையில் கற்ற கணக்கு: செலவுக் கட்டுப்பாடு, செலவுக் குறைப்பு – கேள்வி பதில்

கட்டுப்பாடு, குறைப்பு இரண்டும் ஒன்றுதானே ஐயா? எங்கள் மேலாளர் மாற்றி மாற்றிச் சொல்கிறார். (நூற்பாலைப் பயிற்சி மேற்பார்வையாளர்)

தம்பி, கம்ப்ரசர் அறையில் போய் நில்லுங்கள், இரண்டும் தனித்தனியாகத் தெரியும். நான் வேலை பார்த்த நூற்பாலையில் ஒரு வார விடுமுறையன்று எல்லா எந்திரங்களையும் நிறுத்திவிட்டுக் கம்ப்ரசரை மட்டும் ஓட்டினோம். காற்றைப் பயன்படுத்த ஆளில்லை. ஆனாலும் அது 3 நிமிடம் லோடில் காற்றை அழுத்தியும், 7 நிமிடம் அன்லோடில் காற்றை அழுத்தாமல் சும்மாவும் மாறி மாறி ஓடியது. பத்து நிமிடத்தில் மூன்று என்றால், கம்ப்ரசர் தரக்கூடிய காற்றில் 30 சதவீதம் கசிந்து போகிறது. சோப்புத் தண்ணீரைத் தடவிக்கொண்டே குழாயோடு நடந்தோம். அறுந்த நூலைக் காற்றால் இணைத்துச் சுற்றும் ஆட்டோகோனர் எந்திரத்தின் அருகே ஓர் இணைப்பில் நெல்லிக்காய் அளவுக் குமிழி எழுந்தது. உள்ளே ரப்பர் வளையம் காய்ந்து வெடித்திருந்தது. அதையும் இன்னும் சில இணைப்புகளையும் மாற்றியதும் லோடு நேரம் பத்துக்கு ஒன்றாக இறங்கியது. கசிவு 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று ஆலையே முன்பு வைத்திருந்த வரம்பு அது. வரம்பை மீறியதை மறுபடி உள்ளே கொண்டுவந்தோம். இது கட்டுப்பாடு.

அதற்குப் பிறகு வேறு கேள்வி கேட்டோம்: 7 பார் அழுத்தம் எதற்கு? குழாயின் கடைசி முனையில் மானி வைத்து அளந்து, ஆட்டோகோனருக்குத் தேவையான அளவைக் கையேட்டில் சரிபார்த்து, சிறிது சிறிதாக 6.5 பாருக்கு இறக்கினோம். ஒவ்வொரு படியிலும் நூல் இணைப்பின் வலிமையைச் சோதித்தோம். ஒரு பார் குறைந்தால் கம்ப்ரசர் மின்சாரம் ஏறத்தாழ 6 முதல் 7 சதவீதம் குறையும். இங்கே வரம்பே இறங்கியது. இது குறைப்பு. நாளை முதல் 6.5 தான் காக்க வேண்டிய வரம்பு.

கம்ப்ரசர் மின்சாரம் மாதம் 60,000 யூனிட்டிலிருந்து 45,000 ஆகிவிட்டது. சேமிப்பு 15,000 என்று அறிக்கை அனுப்பலாமா? (கணக்குப் பிரிவு)

அனுப்பாதீர்கள் அம்மா. உற்பத்தி எவ்வளவு?

2,00,000 கிலோவிலிருந்து 1,80,000 ஆகக் குறைந்தது. அப்படியென்றால் கிலோவுக்கு 0.30 யூனிட் வீதம் 54,000 வந்திருக்க வேண்டும். சேமிப்பு 9,000. சரிதானே?

பாதி சரி. உற்பத்தியைக் கழித்தீர்கள், நல்லது. ஆனால் கசிவுக்கு உற்பத்தி தெரியாது, நூல் குறைந்தாலும் கசிவு குறையாது. முந்தைய பன்னிரண்டு மாத உற்பத்தியையும் யூனிட்டையும் வரைபடத்தில் புள்ளியிட்டு, ஊடாக ஒரு கோடு போடுங்கள். உற்பத்தி பூஜ்யமாகும் இடத்தில் அந்தக் கோடு 18,000 யூனிட்டில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது நிலையான பங்கு. மீதி 42,000 யூனிட், கிலோவுக்கு 0.21. எனவே 1,80,000 கிலோவுக்குப் பழைய நிலையில் 18,000 + 37,800 = 55,800 யூனிட் ஆகியிருக்கும். சேமிப்பு 10,800. அதையும் பழைய கட்டண வீதத்தால் பெருக்குங்கள். இடையில் கட்டணம் மாறினால் அது சேமிப்பும் இல்லை, இழப்பும் இல்லை. நூலின் பருமனைக் குறிக்கும் கவுண்ட் மாறியிருந்தால் இந்தக் கோடே பொருந்தாது, புதிதாகப் போட வேண்டும்.

மின் கட்டணம் குறைந்திருக்கிறது. இதைச் சேமிப்பு என்று சொல்லலாமா?

மேலே இருப்பதைப் படியுங்கள். பில்லைப் பார்க்காதீர்கள், மீட்டரைப் பாருங்கள்.

நான் கிலோவுக்கு 4 ரூபாய் மலிவாகப் பஞ்சு வாங்கினேன். இது குறைப்புதானே? (ஆலை உரிமையாளர்)

உங்கள் நூல் எவ்வளவு வந்தது? முன்பு 160 ரூபாய்ப் பஞ்சில் 100 கிலோவுக்கு 86 கிலோ நூல், இப்போது 156 ரூபாய்ப் பஞ்சில் 83 கிலோ என்றால், ஒரு கிலோ நூலுக்குப் பஞ்சுச் செலவு 186-லிருந்து 188 ரூபாயாக ஏறிவிட்டது. கழிவை விற்ற பணத்தையும் கழித்துப் பாருங்கள்.

ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியைக் குறைப்பில் சேர்க்கலாமா?

உங்கள் தணிக்கையாளரைக் கேளுங்கள்.

மறுக்கிறேன். கசிவை அடைத்தது சேமிப்பே இல்லை. இழக்கவே கூடாத பணத்தை இழப்பதை நிறுத்தினீர்கள், அவ்வளவுதான். (தணிக்கையாளர்)

வரம்பை ஒட்டிப் பார்த்தால் நீங்கள் சொல்வது சரி, ஐயா. ஆனால் மீட்டர் 30 சதவீதக் கசிவோடுதான் ஓடியது, பணமும் அப்படித்தான் போனது. நான் இரண்டையும் தனித்தனி வரியில் எழுதுவேன்: மீட்டது, குறைத்தது. ஒரே தொகையாகக் கூட்டி ஊக்கத்தொகைக்குக் கணக்குக் காட்டுவதைத்தான் எதிர்க்கிறேன். கசியவிட்டு அடைப்பவருக்கே அதில் அதிகப் பணம் கிடைத்துவிடும்.

அந்த வரியை யார் நம்புவார்கள்? மீட்டது என்று இரண்டு முறை எழுதினால் பராமரிப்பே சரியில்லை என்றுதானே பொருள்?

ஆமாம், அதுதான் பொருள். அதனால்தான் அந்த வரி வேண்டும் என்கிறேன்.

கசிவு திரும்ப வருமா?

வரும். அந்த ஆலையில் மூன்று மாதத்தில் லோடு நேரம் பத்துக்கு இரண்டாகியிருந்தது. மாதம் ஒருமுறை, வார விடுமுறை நாளில், கைக்கடிகாரத்தோடு பத்து நிமிடம் கம்ப்ரசர் அருகே நின்று, லோடு நேரத்தை அறைக்கதவில் எழுதி வையுங்கள்.