பச்சைத் தண்ணியும் ஸ்ட்ராங் காபியும் போதையை இறக்குமா?

கேள்வி: நைட்டு எட்டுலேருந்து பத்து வரைக்கும் ஒரு குவார்ட்டரும் ஒரு ஸ்ட்ராங் பீரும் அடிச்சா, காலைல ஆறு மணிக்கு டூட்டி வண்டி எடுக்கலாமா? பச்சைத் தண்ணில குளிச்சு ஸ்ட்ராங்கா காபி குடிச்சா தெளிஞ்சிடும்னு சொல்றாங்க. ஹாட்டும் பீரும் கலந்ததாலதான் இறங்க மாட்டேங்குதா?

எடுக்கக் கூடாது. குளித்தாலும் காபி குடித்தாலும் ரத்தத்தில் இருக்கும் ஆல்கஹால் குறையாது. வட சென்னையில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நர்ஸாக நைட் டூட்டி பார்ப்பவன் நான். தலை முழுக்க ஈரம், சட்டையில் கொட்டின காபிக் கறை, ஆனால் நேராக நிற்க முடியாது. இப்படிக் கூட்டி வரப்படுகிறவர்கள் எங்களுக்குப் புதிதல்ல.

குடித்த ஆல்கஹாலில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் கல்லீரல்தான் உடைத்துத் தள்ளுகிறது. மூச்சிலும் வியர்வையிலும் சிறுநீரிலும் போவது மிச்சமிருக்கும் கொஞ்சம்தான். அதனால் வேர்க்க வேர்க்க நடந்தாலும், தண்ணீராகக் குடித்து நாலு முறை ஒன்றுக்குப் போனாலும் பெரிய மாற்றம் வராது. ஆல்கஹாலை உடைக்கிற நொதி ஒன்றிரண்டு பெக்கிலேயே முழு வேகத்துக்கு வந்துவிடும். அதற்கு மேல் எவ்வளவு உள்ளே போனாலும் வேகம் கூடாது. ரேஷன் கடையில் ஒரே தராசு இருக்கும்போது கியூ தெரு முனை வரை நீண்டால் என்ன ஆகுமோ, அதே கதைதான். பெரும்பாலானவர்களுக்கு 100 மில்லி ரத்தத்தில் மணிக்குச் சுமார் 15 மில்லிகிராம் குறையும். சிலருக்கு 10, சிலருக்கு 20.

உங்கள் கணக்கையே போட்டுப் பார்க்கலாம். 70 கிலோ எடையுள்ள ஆண் என்று வைத்துக்கொள்கிறேன். குவார்ட்டர் பிராந்தி 180 மில்லி, லேபிளில் 42.8 சதவீதம் என்று போட்டிருக்கும். அதில் சுத்த ஆல்கஹால் சுமார் 61 கிராம். ஸ்ட்ராங் பீர் 650 மில்லி, 8 சதவீதம் என்றால் 41 கிராம். மொத்தம் 102 கிராம். விட்மார்க் என்ற ஸ்வீடன் விஞ்ஞானியின் பெயரால் வழங்கும் சூத்திரப்படி, இவ்வளவும் ரத்தத்தில் கலந்தால் 100 மில்லிக்கு 214 மில்லிகிராம் வருகிறது. எட்டு மணியிலிருந்தே கல்லீரல் வேலையை ஆரம்பித்துவிட்டது என்று வைத்தாலும், காலை ஆறு மணிக்குள் 150 மில்லிகிராம்தான் கழிந்திருக்கும். மீதி 64. மோட்டார் வாகனச் சட்டம் 185-ஆம் பிரிவு அனுமதிக்கிற அளவு 30. அதைப் போல இரண்டு மடங்குக்கு மேல் வைத்துக்கொண்டுதான் வண்டியைக் கிளப்புவீர்கள். 30-க்கு வர எட்டேகால் ஆகும், முழுசாக இறங்கப் பத்தேகால் ஆகும். உங்கள் கல்லீரல் மணிக்கு 10 என்ற ரகமாக இருந்தால் 30-க்கு வரவே மதியம் இரண்டரை. 50 கிலோ உடம்புக்கு ஆரம்பமே 300 ஆகிவிடும். இது தோராயக் கணக்குதான். வீட்டில் ஒரு தூக்கம் போட்டு எழுந்துவிட்டதால் இது மாறாது. தூங்கும்போதும் அதே வேகம்தான்.

இப்போது கலப்புக்கு வருவோம். ஹாட்டும் பீரும் கலந்தால் போதை தனி ரகமாக ஏறும், இறங்காது என்று நம்மூரில் சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்வார்கள். கல்லீரலுக்கு பிராந்தி, பீர் என்ற பேதமெல்லாம் கிடையாது, அங்கே போய்ச் சேர்வது ஒரே எத்தனால்தான். அதே 102 கிராமை பிராந்தியாகவே அடித்திருந்தால் சுமார் 300 மில்லி வரும், காலை ஆறு மணிக் கணக்கும் அதே 64-தான். 2019-ல் ஜெர்மனியில் 90 பேரை வைத்து பீர் முதலில், ஒயின் முதலில் என்று வரிசையை மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். மறுநாள் தலைவலியில் வித்தியாசம் இல்லை. உண்மையில் நடப்பது வேறு. குவார்ட்டர் முடிந்த பிறகு வாங்குகிற பீரை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. "அது சும்மா பீருதானே சார்" என்பார்கள். அந்த ஒரு ஸ்ட்ராங் பீர் ஒரு குவார்ட்டரில் மூன்றில் இரண்டு பங்கு. கலந்ததால் ஏறவில்லை, கூட்டியதால் ஏறியது.

காபியில் இருக்கும் கஃபீன் மூளையில் தூக்கத்தைச் சொல்கிற சமிக்ஞையை மறைக்கும், அவ்வளவுதான். கண் விழித்துக்கொள்ளும். பிரேக் பிடிக்க ஆகும் நேரமும், எதிரே வருகிற லாரி எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்ற கணிப்பும் போதையில் எப்படியோ அப்படியேதான். தூக்கம் வந்தால் ஓரமாகவாவது படுப்பார். காபி குடித்தவர் "நான் ஸ்டெடி" என்று சாவியை எடுப்பார். எனக்குக் காபிதான் அதிக பயம்.

மோர், எலுமிச்சை ஜூஸ் எல்லாம் தாகத்துக்கு நல்லது. போதைக்கு ஒன்றும் செய்யாது. ஏலக்காய், பபிள்கம் வாயின் வாசனையை மாற்றும். போலீஸ் ஊதச் சொல்கிற மெஷின் நுரையீரலிலிருந்து வரும் காற்றில் ஆல்கஹாலை அளக்கிறது, வாசனையை இல்லை. மாட்டினால் முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பச்சைத் தண்ணியிலும் ஆபத்து இருக்கிறது. சில்லென்று பட்டதும் உடம்பு திடுக்கிட்டு விழிக்கும், சில நிமிடத்தில் பழையபடி ஆகிவிடும். தள்ளாடுகிறவரை ஈரமான பாத்ரூமில் நிறுத்தினால் வழுக்கி விழுந்து மண்டையில் அடிபடும். அப்புறம் அவர் அரை மயக்கமாகக் கிடப்பதைப் பார்த்து, "ஓவர் போதை, தூங்கட்டும்" என்று வீட்டில் விட்டுவிடுவார்கள். உள்ளே ரத்தக்கசிவு இருந்தால், போதைத் தூக்கம் என்று நினைத்த அந்த நேரமெல்லாம் வீணாகப் போனது. அதனால் தலையில் அடிபட்ட காயம், வீக்கம், காதில் ரத்தம் எதுவும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சர்க்கரை நோயாளி என்றால் குளுக்கோமீட்டர் இருந்தால் உடனே சுகர் பாருங்கள். ஆல்கஹால், கல்லீரல் சர்க்கரை தயாரிப்பதைத் தடுக்கும். சுகர் இறங்கி வரும் உளறலும் வேர்வையும் அச்சு அசல் போதை மாதிரியே இருக்கும்.

விரலை விட்டு வாந்தி எடுக்க வைப்பதும் வேண்டாம். ரத்தத்தில் ஏறினது வாந்தியில் வராது. அரை மயக்கத்தில் இருப்பவருக்கு அது மூச்சுக்குழாயில் போய்விடும். மல்லாக்கப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் சாய்த்துப் படுக்க வைத்து, பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருங்கள். குடிப்பதை நிறுத்தின பிறகும் வயிற்றில் இருப்பது ஏறிக்கொண்டிருக்கும், அதனால் அடுத்த ஒரு மணி நேரத்தில் நிலைமை மோசமாகலாம். உலுக்கிக் கூப்பிட்டும் எழவில்லை, மூச்சு நிமிடத்துக்கு எட்டுக்கும் கீழே போகிறது, ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே பத்து வினாடி இடைவெளி, உதடு நீலம், தூக்கத்திலேயே வாந்தி, இதில் ஒன்று இருந்தாலும் 108-ஐக் கூப்பிடுங்கள். எவ்வளவு குடித்தார், எப்போது ஆரம்பித்தார் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

உங்கள் ஆறு மணி வண்டிக்கு வேறு ஆளைப் போடச் சொல்லுங்கள், இல்லையென்றால் ஷிஃப்டை மாற்றிக்கொண்டு நீங்கள் சாயங்கால டிரிப்புக்குப் போங்கள். பத்து மணிக்கே சாவியை வீட்டில் கொடுத்துவிடுங்கள். ஆறு மணிக்கு நீங்களே முடிவெடுத்தால், காபி குடித்த தெம்பில் எடுக்கலாம் என்றுதான் தோன்றும்.