வாட்ஸ்அப் சாட்டில் பணம்: கணக்கை இணைப்பது, வரம்பு, தவறிப்போன பணத்தை மீட்பது

கேள்வி: வாட்ஸ்அப் சாட்லயே பணம் அனுப்பலாம்னு சொல்றாங்க. பேங்க் அக்கவுண்டை எப்படி இணைக்கணும், எவ்வளவு வரைக்கும் அனுப்பலாம், தப்பான ஆளுக்குப் போயிட்டா திரும்ப வாங்க முடியுமா?

கடைசிக் கேள்விக்கு அதிக இடம் வேண்டும், அதனால் மற்ற இரண்டையும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

சாட்டில் அனுப்பும் பணம் வாட்ஸ்அப்பில் எங்கேயும் தங்குவதில்லை. அடியில் ஓடுவது ஜிபேயிலும் போன்பேயிலும் ஓடும் அதே யுபிஐதான். உங்கள் வங்கிக் கணக்கிலிருந்து கிளம்பி எதிராளியின் வங்கிக் கணக்கில் நேராக விழுகிறது, சாட்டில் தெரியும் பச்சைப் பெட்டி அதற்கான ரசீது மட்டும்தான். இதை மனதில் வைத்துக்கொண்டால் கீழே சொல்லப்போவது எல்லாம் எளிதாகப் புரியும்.

இணைப்பதற்கு செட்டிங்ஸில் பேமெண்ட்ஸ் என்று இருக்கும் இடத்துக்குப் போய் உங்கள் வங்கியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கணக்கு எண்ணை நீங்கள் அடிக்க வேண்டியதில்லை. உங்கள் போனிலிருந்து ஒரு எஸ்எம்எஸ் தானாகப் போகும், அந்த எண்ணில் எந்தெந்தக் கணக்கு இருக்கிறது என்று வங்கி காட்டும், உங்களுடையதைத் தொட்டால் போதும். புதிதாக யுபிஐ பின் வைப்பதாக இருந்தால் டெபிட் கார்டின் கடைசி 6 எண்களும் காலாவதி மாதமும் வருடமும் கேட்கும், பிறகு ஓடிபி வரும். கார்டு இல்லாதவர்களுக்கு ஆதார் ஓடிபி வழியை நிறைய வங்கிகள் தருகின்றன. ஏற்கெனவே வேறு ஆப்பில் அதே கணக்குக்கு யுபிஐ பின் வைத்திருந்தால் அதே பின் இங்கேயும் செல்லும்.

பெரும்பாலும் மாட்டிக்கொள்வது அந்த எஸ்எம்எஸ்ஸில்தான். வாட்ஸ்அப் எண், வங்கியில் கொடுத்த எண், போனுக்குள் இருக்கும் சிம் மூன்றும் ஒன்றாக இருக்க வேண்டும். எங்கள் வேலூர்ப் பக்கம் நிறைய வீட்டில் கணக்கு ஆரம்பித்தபோது கொடுத்த எண் அப்பாவுடையதாகவோ அண்ணனுடையதாகவோ இருக்கும், அப்போது எத்தனை முறை முயன்றாலும் 'கணக்கு கிடைக்கவில்லை' என்றுதான் வரும். கிளைக்குப் போய் எண்ணை மாற்றித்தான் ஆக வேண்டும். இன்னொன்று, ரீசார்ஜ் முடிந்துபோன சிம்மிலிருந்தும் எஸ்எம்எஸ் இல்லாத பிளானிலிருந்தும் அந்தச் செய்தி போகாது. இரண்டு சிம் போனில் சரியான சிம்மைத் தேர்ந்தெடுத்தீர்களா என்றும் பாருங்கள்.

வரம்பு: ஆளுக்கு ஆள் அனுப்புவதில் பொதுவாக ஒரு நாளைக்கு 1 லட்சம் ரூபாய், 20 முறை. இது வாட்ஸ்அப்புக்கு மட்டும் தனியாக இல்லை, அதே கணக்கிலிருந்து வேறு ஆப்பில் அனுப்பியதும் சேர்ந்துதான் கணக்கு. உங்கள் வங்கி இதைவிடக் குறைவாகவும் வைத்திருக்கலாம். புதிதாக இணைத்த உடனேயும், போனை மாற்றி மறுபடி இணைத்த உடனேயும் பொதுவாக முதல் 24 மணி நேரம் 5,000 ரூபாய்க்கு மேல் போகாது. போனைத் திருடியவன் கணக்கைக் காலி செய்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தது. காந்தி ரோடு லாட்ஜில் தங்கி வைத்தியம் பார்க்க வந்தவர்கள் வழியில் போனைத் தொலைத்துவிட்டுப் புதுப் போனில் இணைத்து, ஆஸ்பத்திரிக்குக் கட்ட முடியாமல் தவிப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த ஒரு நாளைக்குக் கார்டோ, ஊரிலிருந்து யாராவது நேரடியாகக் கட்டுவதோதான் வழி. ஆஸ்பத்திரிக்கும் கல்லூரிக்கும் கட்டுவதற்கு 5 லட்சம் வரை ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கிறது, ஆனால் அது அந்த நிறுவனத்தின் கணக்குக்குக் கட்டும்போது மட்டும், தம்பிக்குச் சாட்டில் அனுப்பி அவன் கட்டுவதற்கு இல்லை.

சரி, தவறிப்போன பணம். முதலில் ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: சாட்டில் உள்ள செய்தியை 'எல்லோருக்கும் அழி' என்று அழித்தால் பணம் திரும்பாது. பின் போட்டு உறுதியான நொடியிலேயே பணம் அவர் கணக்கில் இருக்கும். எதிராளியை பிளாக் செய்தாலும், ஆப்பையே நீக்கினாலும் அப்படித்தான். அதனால் பதற்றத்தில் எதையும் அழிக்காதீர்கள், அந்தச் சாட்தான் உங்கள் கையில் இருக்கும் முதல் சாட்சி.

குடியாத்தத்தில் என் சித்தப்பா கைலி நெசவுக்கு நூல் வாங்குகிறவர். நூல்காரர் ஒருவருக்கு 18,000 ரூபாயைச் சாட்டில் அனுப்பினார். சாயங்காலம் போன் பண்ணினால், 'அந்த நம்பரை விட்டு ஒரு வருஷம் ஆகுதுங்க, புது நம்பர் கொடுத்தேனே' என்கிறார் நூல்காரர். பயன்படுத்தாமல் விட்ட எண்ணைத் தொலைபேசி நிறுவனம் கொஞ்ச காலம் கழித்து வேறு ஒருவருக்குக் கொடுத்துவிடும். அந்தப் புது ஆள் அதே எண்ணில் வாட்ஸ்அப்பும் யுபிஐயும் ஆரம்பித்துவிட்டார். சித்தப்பாவின் போனிலோ பழைய பேச்சு வரிசையாக இருக்க, மேலே அவர் சேமித்துவைத்த நூல்காரர் பெயரே தெரிந்தது. சாட்டில் பணம் அனுப்புவதில் உள்ள உண்மையான ஆபத்து இதுதான். ஜிபேயில் எண்ணை அடித்துத் தேடும்போது நாம் கொஞ்சம் உஷாராக இருப்போம், சாட்டில் பழகிய பெயர் கண் முன்னால் இருப்பதால் உஷார் போய்விடுகிறது.

அடையாளம் இரண்டு இருந்தது. சாட்டுக்கு நடுவில் 'பாதுகாப்புக் குறியீடு மாறிவிட்டது' என்று ஒரு சின்ன வரி வந்திருந்தது. எதிராளி போன் மாற்றினாலும் இது வரும், ஆனால் எண்ணே கைமாறினாலும் வரும். இரண்டாவது, பின் போடுவதற்கு முந்தைய திரையில் வங்கியில் பதிவான பெயர் வரும். நீங்கள் சேமித்த பெயரைப் பார்க்காதீர்கள், இந்தப் பெயரைப் பாருங்கள். 2025 நடுவிலிருந்து எல்லா யுபிஐ ஆப்பும் வங்கிப் பதிவில் உள்ள பெயரைத்தான் அங்கே காட்ட வேண்டும் என்று விதி இருக்கிறது. பெயர் வேறாக இருந்தால் நிறுத்திவிட்டு ஒரு போன் போடுங்கள்.

போன பிறகு செய்தது என்ன? முதலில் அந்தப் பரிமாற்றத்தைத் தொட்டு உள்ளே போய் 12 இலக்க யுடிஆர் எண்ணைக் குறித்துக்கொண்டோம், திரையையும் படம் எடுத்துக்கொண்டோம். இந்த எண் இல்லாமல் வங்கியில் பேச முடியாது. அடுத்து அந்த ஆளுக்கே செய்தி. இங்கேதான் யோசிக்க வேண்டும், ஏனென்றால் 'தப்பா அனுப்பிட்டேன், திருப்பி அனுப்புங்க' என்பது மோசடிக்காரர்கள் தினமும் பேசும் வசனம். நல்ல மனிதராக இருந்தாலும் பயந்து பிளாக் செய்துவிடுவார். அதனால் லிங்க், க்யூஆர் எதுவும் அனுப்பவில்லை. 'உங்கள் வங்கி ஸ்டேட்மெண்டில் இந்தத் தேதியில் இந்த யுடிஆரில் 18,000 வந்திருக்கிறதா என்று நீங்களே பாருங்கள், எனக்கு உடனே எதுவும் அனுப்ப வேண்டாம், உங்கள் வங்கி கூப்பிட்டால் சம்மதம் சொன்னால் போதும்' என்று மட்டும் எழுதினோம். திரையில் வந்த பெயர் தெலுங்குப் பெயராக இருந்ததால், சித்தப்பா இதையே தெலுங்கில் பேசிக் குரல் செய்தியாகவும் அனுப்பினார்.

அன்றைக்கே ஆப்பில் அந்தப் பரிமாற்றத்தின் உள்ளே உதவி என்ற இடத்தில் புகார். மறுநாள் அவருடைய கிளையில் எழுத்தாக ஒரு கடிதம், ஸ்டேட்மெண்ட் நகலோடு. கவுண்டரில் இருந்தவர் 'யுபிஐ எல்லாம் நாங்க ஒண்ணும் பண்ண முடியாது' என்றுதான் முதலில் சொன்னார். அது சரியில்லை. பணத்தை அவர்களாகப் பிடுங்கி எடுக்க முடியாது என்பது உண்மை, ஆனால் புகாரை வாங்கி எதிர் வங்கிக்கு அனுப்ப வேண்டியது அவர்கள் வேலை. கடிதத்தில் சீல் போட்ட நகலும் புகார் எண்ணும் வாங்காமல் எழுந்து வராதீர்கள். இதோடு யுபிஐயை நடத்தும் என்பிசிஐயின் npci.org.in தளத்தில் யுபிஐ புகார்ப் பகுதியிலும் பதியலாம், அதில் Incorrectly transferred to another account என்ற காரணத்தைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிறகு நடப்பது இதுதான்: உங்கள் வங்கி எதிர் வங்கிக்கு எழுதும், எதிர் வங்கி தன் வாடிக்கையாளரைக் கேட்கும், அவர் சம்மதித்தால் பணம் திரும்பும். அவர் சம்மதம் இல்லாமல் எடுக்க மாட்டார்கள். சித்தப்பா விஷயத்தில் அந்த மனிதர் வங்கியிலிருந்தே அழைப்பு வந்ததும் நம்பினார், சில வாரத்தில் பணம் வந்துவிட்டது. மறுக்கிறவராக இருந்தால் வக்கீல் நோட்டீஸ்தான். தவறுதலாக வந்த பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று 1872ஆம் வருட ஒப்பந்தச் சட்டத்தின் 72ஆம் பிரிவு சொல்கிறது, ஆனால் சின்னத் தொகைக்கு அந்தச் செலவு கட்டுமா என்று நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத இன்னொன்று உண்டு. உங்கள் கணக்கில் பணம் குறைந்து, அவருக்குப் போகாமல், சாட்டில் 'நிலுவையில்' என்று நிற்பது. அது தவறான ஆளுக்குப் போனதில்லை, இரண்டு வங்கிக்கும் நடுவில் பதில் வராமல் நின்றது. அதற்கு யார் சம்மதமும் வேண்டாம், மறுநாளுக்குள் தானாகத் திரும்பிவிட வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி 2019இல் போட்ட விதி. அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும். அப்படி நிற்கும்போது மறுபடி அனுப்பாதீர்கள். முதலாவது தாமதமாகப் போய்ச் சேர்ந்துவிட்டால் இரண்டு முறை கொடுத்ததாகிவிடும், அப்புறம் மேலே சொன்ன சம்மதக் கதைதான்.

வங்கி 30 நாளாகியும் பதில் சொல்லவில்லை என்றால் cms.rbi.org.in தளத்தில் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குப் புகார் போடலாம், கட்டணம் கிடையாது. யாராவது ஏமாற்றி உங்களை அனுப்பவைத்திருந்தால் மட்டும் இந்த வரிசையில் நிற்காதீர்கள், உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் பண்ணுங்கள். அங்கே சீக்கிரம் சொன்னால் எதிராளி எடுப்பதற்குள் அந்தக் கணக்கில் உள்ள பணத்தை முடக்க வாய்ப்பு இருக்கிறது.