கில்லன்-பாரே: ஊசி மருந்தா, பிளாஸ்மா மாற்றமா?

அப்பாவுக்கு (60 கிலோ) கால் மரத்து, நடக்க முடியவில்லை. கில்லன்-பாரே என்கிறார்கள். 5 நாள் ஐவிஐஜி என்ற ஊசி மருந்தை ஏற்றப் போகிறார்களாம். அதுவும் ஆன்டிபாடிதானே? ஆன்டிபாடியால் வந்த நோய்க்கு ஆன்டிபாடியே மருந்தா?

நியாயமான சந்தேகம். வயிற்றுப்போக்கையோ சளியையோ எதிர்க்க உருவான ஆன்டிபாடி, ஆள் மாறி நரம்பையே தாக்குவதுதான் இந்த நோய். ஐவிஐஜி என்பது ஆயிரக்கணக்கானோரின் ரத்தத்திலிருந்து பிரித்தெடுத்த சாதாரண ஐஜிஜி ஆன்டிபாடி. அப்பாவுக்குக் கிலோவுக்கு 0.4 கிராம் கணக்கில் தினம் 24 கிராம், மொத்தம் 120 கிராம் போகும்.

ரத்தக்குழாய்ச் சுவரின் செல்களில் ஓர் ஏற்பி உண்டு. செல்லுக்குள் போகும் ஐஜிஜியைச் சிதையவிடாமல் ரத்தத்துக்குத் திருப்பி அனுப்புவது அதன் வேலை. இவ்வளவு மருந்து ஏறியதும் அந்த ஏற்பிகளில் இடம் நிரம்பிவிடும். இடம் கிடைக்காத ஐஜிஜி சிதையும். நரம்பைத் தாக்கும் கெட்ட ஐஜிஜியும் அதோடு சேர்ந்து குறையும். கூடவே, ஆன்டிபாடி ஒட்டிய இடத்தைத் துளைக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களையும் மருந்து தடுக்கிறது.

இதற்கு இன்னொரு சிகிச்சையான பிளாஸ்மா மாற்றத்தை ஏன் ஒரே நாளில் முடிப்பதில்லை?

ஒரு முறைக்கு ரத்தத்தின் திரவப் பகுதியான பிளாஸ்மாவை சுமார் இரண்டரை லிட்டர் பிரித்தெடுத்து, ஆல்புமின் கரைசலை ஈடாக ஏற்றுவோம். பையில் சேரும் அந்த வைக்கோல் நிறத் திரவத்தோடு, ரத்தத்திலுள்ள ஐஜிஜியில் ஏறக்குறைய 60 சதவீதம் போய்விடும். ஆனால் உடம்பின் ஐஜிஜியில் பாதிக்கும் மேல் ரத்தக்குழாய்க்கு வெளியே, திசுக்களில் இருக்கிறது. அது ஓரிரு நாளில் ரத்தத்துக்குள் கசிந்து வரும். அதனால்தான் ஒருநாள் விட்டு ஒருநாள், சுமார் 5 முறை செய்கிறோம். நடுவில் உதட்டோரம் சுருக்சுருக்கென்றால் உடனே சொல்லுங்கள். ரத்தம் உறையாமலிருக்கச் சேர்க்கும் சிட்ரேட் கால்சியத்தைக் குறைக்கிறது என்று அர்த்தம். கால்சியம் கொடுத்தால் சரியாகிவிடும்.

இரண்டையும் செய்தால் சீக்கிரம் குணமாகாதா?

பிளாஸ்மா மாற்றம் முடித்து ஐவிஐஜி கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 1997-இல் வந்தது. தனியாகக் கொடுத்ததைவிடக் குறிப்பிடத்தக்க பலன் இல்லை. வரிசையை மாற்றினால் இன்னும் மோசம்: முதல் நாள் ஏற்றிய விலையுயர்ந்த மருந்தை மறுநாள் பைக்குள் வடித்துவிடுவோம்! இரண்டுக்கும் பலன் ஏறக்குறைய ஒன்றுதான். ரத்த அழுத்தம் தள்ளாடுபவருக்கு ஐவிஐஜி நல்லது. சிறுநீரகம் பழுதானவருக்கோ ரத்தக்கட்டி வந்தவருக்கோ பிளாஸ்மா மாற்றத்தை யோசிப்பேன். எதுவானாலும் முதல் 2 வாரத்துக்குள் தொடங்க வேண்டும்.

எங்கள் அம்மாவுக்கும் இதே நோய். 5 நாள் ஐவிஐஜி முடிந்தும் எழுந்து நிற்கவில்லை. மறுபடி ஏற்றச் சொல்லவா?

வேண்டாம். மோசமான நிலையில் இருந்தவர்களுக்கு இரண்டாவது தவணை கொடுத்துப் பார்த்த ஆய்வு 2021-இல் வெளியானது. பலன் கூடவில்லை, ரத்தம் உறையும் ஆபத்துதான் கூடியது. மருந்து தாக்குதலை அடக்கும். உரிந்துபோன நரம்புறை வளர வாரங்கள், மாதங்கள் ஆகும். ஆனால் கொஞ்சம் தேறிவிட்டு மறுபடி பலம் இறங்கினால் அது வேறு கதை. அப்போது திரும்பக் கொடுப்பதுண்டு. ஒரே மூச்சில் 20 வரை எண்ண முடிகிறதா என்று தினமும் அம்மாவை எண்ணச் சொல்லுங்கள். எண்ணிக்கை குறைந்துகொண்டே வந்தால் மூச்சுத் தசை தளர்கிறது. இரவானாலும் டாக்டரை எழுப்புங்கள்.