ஆர்.சி. மாறினால் பாலிசியும் மாறிவிடுமா?

"பயிற்சி முடிந்து லைசென்ஸ் வந்த கையோடு பழைய கார் ஒன்று வாங்கினேன், சார். ஆர்.சி. என் பெயருக்கு மாறிவிட்டது. இன்ஷூரன்ஸ் இன்னும் ஆறு மாதம் இருக்கிறது, முடிந்த பிறகு உங்கள் பெயரில் போட்டுக்கொள்ளலாம் என்கிறார் புரோக்கர். அப்படியே விடலாமா?"

விடக் கூடாது. உங்கள் பாலிசி ஒரே தாளில் இருந்தாலும் அதில் இரண்டு பாதுகாப்புகள் உள்ளன. ஒன்று, உங்கள் காரால் பிறருக்கு நேரும் பாதிப்புக்கானது. மற்றொன்று, உங்கள் காருக்கே ஏற்படும் சேதத்துக்கானது. முதலாவது, மோட்டார் வாகனச் சட்டத்தின் 157ஆம் பிரிவின்படி, கார் கைமாறும்போது புதிய உரிமையாளருக்கும் தானாகவே வந்து சேர்கிறது. புரோக்கர் சொல்வதில் உண்மை இவ்வளவுதான். இந்தப் பாதி உண்மையே பலரை ஏமாற்றுகிறது. சாலையில் காவலர் வண்டி எண்ணைத் தட்டிப் பார்த்தாலும் பாலிசி நடப்பில் இருப்பதாகவே காட்டும், அபராதமும் விழாது, ஆகவே எல்லாம் சரியாக இருப்பதாகத் தோன்றும்.

இரண்டாவது பாதுகாப்பு அப்படித் தானாக வராது என்பதை உச்ச நீதிமன்றம் 1995லேயே தெளிவாக்கிவிட்டது. அடுத்த மாதம் நீங்கள் ரிவர்ஸ் எடுக்கையில் தூணில் மோதி, பட்டறையில் 40,000 ரூபாய் செலவு வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாலிசியில் பெயர் உள்ளவர் காரை விற்றுவிட்டார். காருக்கு உரிமையுள்ள நீங்களோ பாலிசியில் இல்லை. இருவருக்குமே பணம் கிடைக்காது. உரிமையாளரே ஓட்டி உயிரிழந்தால் குடும்பத்துக்குக் கிடைக்க வேண்டிய 15 லட்சம் ரூபாய் விபத்துக் காப்பீடும் இதே காரணத்தால் சிக்கலாகும்.

எனவே கார் கைமாறிய 14 நாட்களுக்குள், புதிய ஆர்.சி. நகல், பழைய பாலிசி, விற்றவரின் சம்மதக் கடிதம் ஆகியவற்றோடு காப்பீட்டு நிறுவனத்திடம் பெயர் மாற்ற விண்ணப்பம் கொடுக்க வேண்டும். அந்த நாள் கடந்திருந்தாலும் இன்றே கொடுங்கள். நிறுவனம் காரை ஒருமுறை பார்வையிட விரும்பலாம்.

இதில் ஒரு செலவு உண்டு, அதை மறைக்கத்தான் புரோக்கர் தள்ளிப்போடச் சொல்கிறார். கிளெய்ம் கேட்காமல் ஓட்டியதற்காகப் பிரீமியத்தில் தரும் நோ கிளெய்ம் போனஸ் தள்ளுபடி விற்றவருக்குச் சொந்தமே தவிர, காருக்குச் சொந்தமல்ல. அவர் 50 சதவீதத் தள்ளுபடியில் சொந்தச் சேதத்துக்கு 4,000 ரூபாய் கட்டியிருந்தால் முழுத் தொகை 8,000. மீதமுள்ள ஆறு மாதத்துக்கான வித்தியாசமாக 2,000 ரூபாயும், அதன் மேல் வரியும், சிறு கட்டணமும் நீங்கள் கட்ட வேண்டும். விற்பனைப் பேரத்தின்போதே இதைச் சொல்லியிருந்தால் விலையில் குறைத்திருக்கலாம்.

ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பெயர் மாற்றியதை அரசே காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவித்துவிட்டால் இத்தனை அலைச்சல் தேவையில்லை. ஆனால் இரண்டு கவுன்ட்டர்களிலும் ஒரே ஆவணத்தை நாம்தான் சுமந்து நிற்க வேண்டியிருக்கிறது. இந்த வேலையையும் புரோக்கரிடம் ஒப்படைக்காதீர்கள். உங்கள் பெயர் அச்சான எண்டார்ஸ்மென்ட் தாள் கைக்கு வரும்வரை, "போட்டாச்சு" என்ற அவருடைய வாட்ஸப் செய்தியைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.