அழித்த ஆப்புக்கு இன்னும் பணம் போகிறதா?

கேள்வி: "மாதம் 199 ரூபாய் 'கூகுள் பிளே' என்று என் வங்கிக் கணக்கில் கழிகிறது சார். போட்டோ ஆப் ஒன்றை ஆறு மாதத்துக்கு முன்பே அழித்துவிட்டேன். பிளே ஸ்டோரில் சந்தா பக்கம் காலியாக இருக்கிறது. எப்படி நிறுத்துவது?"

சந்தா என்பது ஆப்போடு ஒட்டியிருப்பதில்லை. எந்த ஜிமெயில் கணக்கில் வாங்கினீர்களோ அந்தக் கணக்கோடு இருக்கிறது. அதனால்தான் ஆப் போன பிறகும் பணம் போகிறது. பக்கம் காலியாகத் தெரிவதற்கும் பெரும்பாலும் அதுதான் காரணம்: நீங்கள் பார்ப்பது வேறு கணக்கின் பக்கம்.

பிளே ஸ்டோரில் வலது மேல் மூலையில் உள்ள உங்கள் படத்தைத் தொடுங்கள். பெயருக்குப் பக்கத்தில் உள்ள அம்புக்குறியைத் தொட்டால் போனில் இருக்கும் மற்ற கணக்குகள் வரும். ஒவ்வொன்றாக மாற்றி, "Payments & subscriptions", அதற்குள் "Subscriptions" பாருங்கள்.

சென்ற மாதம் என் உறவினர் ஒருவருக்கும் இதே சிக்கல். போனில் இருந்த இரண்டு கணக்கிலும் ஒன்றும் இல்லை. அப்புறம்தான், பழைய போனில் மகன் போட்டுக்கொடுத்த மூன்றாவது ஜிமெயில் அவர் நினைவுக்கு வந்தது. அந்த மின்னஞ்சலில் `GPA` என்று தேடினோம். பிளே ஸ்டோர் ரசீதுகளின் ஆர்டர் எண் அந்த எழுத்துகளில்தான் தொடங்கும். மாதத்துக்கு ஒன்றாக 14 ரசீதுகள் வரிசையாக வந்தன, 2,786 ரூபாய். அந்தக் கணக்கைப் போனில் சேர்க்காமலே, பிரவுசரில் அதே ஜிமெயிலில் உள்நுழைந்து இந்த முகவரியில் ரத்து செய்தோம்:

```
play.google.com/store/account/subscriptions
```

ரத்து செய்ததும் சந்தா உடனே மறையாது. கட்டிய காலம் முடியும் தேதி அங்கே தெரியும், மின்னஞ்சலும் வரும். இரண்டையும் பார்த்த பிறகே முடிந்ததென்று எடுத்துக்கொள்ளுங்கள்.

பலர் யுபிஐ ஆப்பில் ஆட்டோபே அனுமதியை மட்டும் நீக்கிவிட்டு நிம்மதியாகிறார்கள். அதனால் பணம் போகும் வழி அடைபடும், ஆனால் சந்தா அப்படியே இருக்கும். ஸ்டோர் மறுபடியும் பணம் கேட்கும். முதலில் ஸ்டோரில் ரத்து செய்யுங்கள், பிறகு அனுமதியை நீக்குங்கள்.

எந்தக் கணக்கிலும் ரசீதே இல்லையென்றால், வங்கியிலிருந்து வந்த குறுஞ்செய்திகளைப் பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி இப்படித் தானாகக் கழியும் தொகைக்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வர வேண்டும். அதில் பணம் பெறுபவரின் பெயர் இருக்கும். கூகுள் அல்லாத பெயர் இருந்தால், அது அந்த நிறுவனத்தின் இணையதளத்தில் நேரடியாகக் கட்டிய சந்தா. பிளே ஸ்டோரில் எவ்வளவு தேடினாலும் கிடைக்காது, அங்கேயே போய்த்தான் ரத்து செய்ய வேண்டும்.

ஏற்கெனவே போன பணம்? கடைசியாகக் கழிந்து 48 மணி நேரத்துக்குள் என்றால் கூகுள் பிளேயில் திருப்பிக் கேளுங்கள். அதற்கு மேல் ஆகிவிட்டால் ஆப் தயாரித்தவருக்கு ரசீதின் ஆர்டர் எண்ணோடு எழுதிப் பாருங்கள். தருவதும் தராததும் அவர் விருப்பம்தான்.